கணக்கில் வராத ஆறு பேர்

1948 அக்டோபர் 30 அன்று ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ ஒரு கட்டுரையை வெளியிட்டது. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பலன் தருமா என்று பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய சோதனை அது. மருந்து அப்போது மிகவும் தட்டுப்பாடு. 107 நோயாளிகளில் 55 பேருக்கு ஊசியும் படுக்கை ஓய்வும், மீதி 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாத முடிவில் ஊசி போட்டவர்களில் 4 பேர் இறந்திருந்தார்கள். மற்றவர்களில் 14 பேர்.

மருத்துவ வரலாறு நினைவில் வைத்திருப்பது இந்த எண்களைத்தான். ஆனால் ஆய்வுக்கட்டுரைகளைத் திருத்துபவர்களும் மதிப்பாய்வு செய்பவர்களும் அதே கட்டுரையின் வேறொரு பத்தியை ரசித்துப் படிப்பார்கள். யாருக்கு ஊசி, யாருக்கு ஓய்வு என்பது எப்படி முடிவானது என்று சொல்லும் பத்தி அது. புள்ளியியலாளர் பிராட்ஃபோர்ட் ஹில், சமவாய்ப்பு எண்களைக் கொண்டு ஒவ்வொரு மருத்துவமனைக்கும், அதிலும் ஆண் பெண் தனித்தனியாக, ஒரு வரிசை தயாரித்தார். அந்த வரிசை ஆய்வு நடத்திய மருத்துவர்கள் யாருக்கும் தெரியாது. ஒட்டிய உறைகளுக்குள் இருந்தது. உறையின் மேல் மருத்துவமனையின் பெயரும் ஓர் எண்ணும் மட்டும். நோயாளியைச் சோதனையில் சேர்ப்பது என்று முடிவான பிறகுதான் உறையைப் பிரித்தார்கள்.

வரிசையைத் தயாரித்தது யார், எப்படி, அதை யாரிடமிருந்து எவ்வாறு மறைத்தார்கள் என்று எல்லாமே அங்கே இருக்கிறது. அதற்குப் பின் பல பத்தாண்டுகளாக வெளிவந்த எத்தனையோ சோதனைக் கட்டுரைகளில் இவ்வளவுக்கும் பதிலாக ஒரே ஒரு வரிதான் இருந்தது: ‘நோயாளிகள் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர்.’

அந்த ஒரு வரியை நம்பலாமா? 1995-ல் கென்னத் ஷூல்ஸ், இயன் சால்மர்ஸ், ரிச்சர்ட் ஹேய்ஸ், டக்ளஸ் ஆல்ட்மன் ஆகிய நால்வர் இதை அளந்தே பார்த்தார்கள். கர்ப்பகாலம், மகப்பேறு சார்ந்த 250 சோதனைகளை எடுத்து, அடுத்த நோயாளி எந்தக் குழுவுக்குப் போவார் என்பதை ஒழுங்காக மறைத்த சோதனைகளையும் மறைக்காதவற்றையும் ஒப்பிட்டார்கள். மறைப்பு சரியில்லாத சோதனைகளில் சிகிச்சையின் பலன் சராசரியாக 41 சதவீதம் மிகையாகத் தெரிந்தது. மறைத்தார்களா இல்லையா என்றே எழுதாமல் விட்ட கட்டுரைகளிலும் மிகை இருந்தது: 30 சதவீதம். ஆக, எழுதாமல் விட்ட இடத்தை வெறும் மறதி என்று தள்ளிவிட முடியாது. பல நேரங்களில் அங்கே செய்யாத வேலை ஒன்று ஒளிந்திருக்கிறது.

மறைப்பு எதற்கு என்றால், மருத்துவர்களும் மனிதர்கள்தான். அடுத்த உறையில் புதிய மருந்து இருப்பது தெரிந்தால், தேறக்கூடிய நோயாளியாகப் பார்த்து அதற்கு அனுப்பக் கை நீளும். உறையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உள்ளே இருப்பதைப் படித்த கதைகளை ஷூல்ஸ் அதே ஆண்டு தனிக் கட்டுரையாகவே எழுதினார்.

இந்தச் சூழலில் பிறந்ததுதான் கன்சார்ட் பட்டியல். தனித்தனியாக வேலை செய்துகொண்டிருந்த இரண்டு குழுக்கள் கைகோத்து 1996-ல் முதல் பதிப்பை வெளியிட்டன. 2001-லும் 2010-லும் திருத்தினார்கள். 2010 பதிப்பில் 25 அம்சங்கள். 2025 ஏப்ரலில் வந்த புதிய பதிப்பில் 30. கூடவே ஒரு பாய்வுப்படம் உண்டு: எத்தனை பேரைப் பரிசீலித்தார்கள், எத்தனை பேரைச் சேர்த்தார்கள், எந்தக் குழுவில் எத்தனை பேர், யார் எப்போது விலகினார்கள், கடைசிக் கணக்கில் எத்தனை பேர் என்று மேலிருந்து கீழே இறங்கும் பெட்டிகள். சமவாய்ப்புச் சோதனைகளுக்குக் கன்சார்ட் என்றால், ஒரு கேள்வியைப் பற்றி வெளிவந்த எல்லா ஆய்வுகளையும் தேடித் தொகுக்கும் ஆய்வுகளுக்குப் பிரிஸ்மா. அது 2009-ல் வந்தது. இப்போது புழக்கத்தில் இருப்பது 2021-ல் வெளியான ‘பிரிஸ்மா 2020’. 27 அம்சங்கள்.

பெரும்பாலான ஆசிரியர்கள் இந்தப் பட்டியலைச் சந்திக்கும் இடம்தான் பரிதாபமானது. கட்டுரையை எழுதி முடித்து, ஆய்விதழின் இணையதளத்தில் பதிவேற்றப் போகும்போது கடைசிப் படியில் ‘கன்சார்ட் பட்டியலை இணைக்கவும்’ என்று வரும். இரவு பதினொரு மணி. ஒவ்வொரு அம்சத்துக்கும் எதிரே ‘பக்கம் 5’, ‘பக்கம் 6’ என்று மளமளவென நிரப்பி அனுப்பிவிடுவார்கள். பக்கம் 6-ஐத் திறந்தால் அங்கே அந்த விவரம் இருக்காது. அதைப் பற்றிய தலைப்பு மட்டும் இருக்கும்.

பட்டியலை உருப்படியாகப் பயன்படுத்துவது எப்படி என்பதை ஒரு வரைவை வைத்தே பார்க்கலாம். கீழே வருவது கற்பனை வரைவுதான். ஆனால் அதிலுள்ள ஓட்டைகள் மதிப்பாய்வாளர்களுக்குப் பழகிய முகங்கள்.

முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்குப் பிசியோதெரபி பயிற்சி உதவுமா என்பது ஆய்வு. வரைவின் சாரம் இது: ‘முழங்கால் வலியுடன் வந்த 120 பேர் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு 12 வாரம் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சிகளும் வலி மாத்திரையும் தரப்பட்டன; மற்றதற்கு மாத்திரை மட்டும். ஆய்வு இரட்டை மறைப்பு முறையில் நடந்தது. 11 பேர் இடையில் விலகினர். பயிற்சிக் குழுவில் 71 சதவீதம் பேருக்கும் ஒப்பீட்டுக் குழுவில் 50 சதவீதம் பேருக்கும் வலி குறைந்தது. இந்த வேறுபாடு புள்ளியியல் ரீதியாகக் குறிப்பிடத்தக்கது.’

படிக்கச் சீராக இருக்கிறது. அவசரமாகப் படிக்கும் மதிப்பாய்வாளர் மொழிநடையில் இரண்டு திருத்தம் சொல்லிவிட்டு ‘வெளியிடலாம்’ என்று எழுதிவிடக்கூடும்.

பட்டியலோடு உட்காருபவர் பக்க எண்ணை எழுதக் கூடாது. ஒவ்வொரு அம்சத்துக்கும் எதிரே, அதற்கு விடை சொல்லும் வாக்கியத்தை வரைவிலிருந்து அப்படியே எடுத்து ஒட்ட வேண்டும். இந்த ஒரு மாற்றம் போதும். பாதி ஓட்டைகள் தாமாக வெளியே வந்துவிடும். ஒட்ட வாக்கியம் கிடைக்கவில்லை என்றால் விவரம் இல்லை. வாக்கியம் கிடைத்தும் கேள்வியில் பாதிக்குத்தான் விடை சொன்னால், அரைகுறை. பக்க எண் போடும்போது இந்த இரண்டும் கண்ணில் படாமல் நழுவிவிடும்.

முதலில் குழு பிரித்த விதம். 2010 பதிப்பில் 8, 9, 10 ஆகிய மூன்று அம்சங்கள் இதற்கே ஒதுக்கப்பட்டவை. வரிசையை எப்படி உருவாக்கினார்கள்? ஆள் சேர்க்கப்படும் வரை அதை எப்படி மறைத்தார்கள்? உருவாக்கியவர் யார், ஆள் சேர்த்தவர் யார், குழுவில் போட்டவர் யார்? மூன்றுக்கும் ஒட்டுவதற்கு வரைவில் இருப்பது அதே ஒரு வாக்கியம்தான். மூன்று கட்டத்திலும் அதையே ஒட்டிப் பார்த்தால் அது எதற்குமே விடை இல்லை என்பது தெரிந்துவிடும்.

இங்கே ஆசிரியரிடம் கேட்கும் கேள்வியின் வாசகம் முக்கியம். ‘சமவாய்ப்பு முறையை விளக்குக’ என்று எழுதினால், ‘கணினி மூலம் செய்யப்பட்டது’ என்று இன்னொரு வெற்று வரி வந்து சேரும். ‘வரிசையைத் தயாரித்தவர் யார், எந்த மென்பொருளில், அந்தக் காகிதம் யாரிடம் இருந்தது, நோயாளியைச் சேர்த்தவரால் அதைப் பார்க்க முடிந்ததா’ என்று கேட்டால் நடந்தது வெளியே வரும். நம் வரைவின் ஆசிரியர் இப்படிப் பதில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: ‘ஓ.பி. சீட்டு எண் ஒற்றைப்படையாக இருந்தால் பயிற்சி, இரட்டைப்படையாக இருந்தால் மாத்திரை.’

அவர் பொய் சொல்லவில்லை. ஒற்றை, இரட்டை என்று பிரித்ததைச் சமவாய்ப்பு என்றே நினைத்திருக்கிறார். ஆனால் சீட்டைப் பார்த்த கணமே எந்தக் குழு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பயிற்சிக்குச் சரிப்பட்டு வராத ஆள் என்று பட்டால், ‘உங்களுக்கு இந்த ஆய்வு வேண்டாம் அம்மா’ என்று அனுப்பிவிடலாம். எந்தப் பதிவும் இருக்காது. எழுத்தில் விடுபட்ட ஒரு விவரத்தைத் தேடிப் போனவர், ஆய்வின் அடித்தளத்தில் விரிசலைப் பார்க்கிறார். இனி எத்தனை வாக்கியம் சேர்த்தாலும் அந்த விரிசல் அடையாது. செய்யக்கூடியது, நடந்ததை நடந்தபடி எழுதி, ‘சமவாய்ப்பு’ என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து எடுப்பதுதான்.

‘இரட்டை மறைப்பு’ என்ற சொல்லுக்கு அதிக நேரம் தேவையில்லை. கன்சார்ட் கேட்பது, யாருக்கு மறைக்கப்பட்டது, எப்படி என்று. தினமும் காலைத் தூக்கி இறக்கிப் பயிற்சி செய்கிறவருக்கு, தான் பயிற்சி செய்வது தெரியாமல் இருக்குமா? வலியைப் பதிவு செய்த ஊழியருக்கும் பின்னர் கணக்குப் போட்டவருக்கும் குழு தெரியாமல் இருந்திருக்கலாம். அப்படியானால் அதைத்தான் எழுத வேண்டும். பழக்க தோஷத்தில் வந்து விழும் சொற்களில் இது முதல் வரிசையில் இருக்கிறது.

அடுத்து, ஆள் கணக்கு. இங்கேதான் பென்சில் வேண்டும். 120 பேரை இரண்டாகப் பிரித்தால் குழுவுக்கு 60. வரைவின் இரண்டாம் அட்டவணையில், தலைப்பு வரிக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் எண்கள்: பயிற்சிக் குழு 49, ஒப்பீட்டுக் குழு 54. கூட்டினால் 103. காணாமல் போனவர்கள் 17. ஆனால் உரையில் விலகியதாகச் சொல்வது 11 பேரை மட்டும். அந்த 11 பயிற்சிக் குழுவோடு சரியாகப் பொருந்துகிறது: 60-ல் 11 போனால் 49. அப்படியென்றால் ஒப்பீட்டுக் குழுவில் குறைந்த 6 பேரைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை.

பாய்வுப்படத்தைக் கட்டாயமாக்கியதன் காரணமே இதுதான். பெட்டிகளை வரைய உட்கார்ந்தால் ஒவ்வொரு பெட்டியும் மேலே உள்ளதிலிருந்து கழிந்து வரவேண்டும்; 6 பேரை எங்கும் ஒளிக்க முடியாது. வரைவில் படம் இல்லையென்றால் மதிப்பாய்வாளரே ஒரு காகிதத்தில் கிறுக்கிப் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை.

இந்த ஆள் கணக்கு முடிவை எவ்வளவு புரட்டிப் போடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 71 சதவீதம் என்றார்களே, எதில் 71 சதவீதம்? 49-ல் 35 பேர் என்றால் 71. ஒப்பீட்டுக் குழுவில் 54-ல் 27 பேர் என்றால் 50. ஆக, இவை கடைசி வரை வந்தவர்களை மட்டும் வைத்துப் போட்ட சதவீதங்கள். இடையில் விலகியவர்களுக்கு வலி குறையவில்லை என்று கடுமையாக எடுத்துக்கொண்டு, தொடக்கத்தில் இருந்த 60 பேரில் கணக்கிட்டால் பயிற்சிக் குழு 58 சதவீதம், மற்றது 45. இடைவெளி 21 புள்ளியிலிருந்து 13 புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது. வழக்கமான புள்ளியியல் சோதனையைப் போட்டுப் பார்த்தால் முதல் கணக்கில் வேறுபாடு ‘குறிப்பிடத்தக்கது’ என்ற எல்லைக்குள் வருகிறது; இரண்டாவதில் வரவில்லை.

விலகிய எல்லோருக்கும் வலி குறையவில்லை என்பது ஓர் அனுமானம்தான். சிலருக்கு வலி போய்விட்டதாலேயே வராமல் இருந்திருக்கலாம். அதனால்தான் பட்டியல் விலகியவர் எண்ணிக்கையோடு நிற்காமல், குழு வாரியாகக் காரணத்தையும் கேட்கிறது. பயிற்சி செய்து முழங்கால் வீங்கியதால் 8 பேர் நின்றார்கள் என்றால் அது ஒரு கதை. ஊர் மாறிப் போனார்கள் என்றால் வேறு கதை. முதல் கதை உண்மையானால், வரைவில் இல்லாத இன்னொரு பகுதியும் தேவைப்படுகிறது: பக்கவிளைவுகள். பயிற்சிதானே, என்ன தீங்கு வந்துவிடும் என்று நினைத்து அந்தப் பகுதியையே விட்டுவிடும் வழக்கம் பிசியோதெரபிக் கட்டுரைகளில் சாதாரணம்.

சிகிச்சையின் வர்ணனை இன்னொரு பெரிய ஓட்டை. ‘தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சிகள், 12 வாரம்’ என்பதைப் படித்துவிட்டு மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு பிசியோதெரபிஸ்ட் நாளைக் காலை என்ன செய்வார்? எந்தப் பயிற்சி, ஒரு வேளைக்கு எத்தனை முறை, வாரத்தில் எத்தனை நாள், எடை கட்டியா கட்டாமலா, வாரம் போகப் போக அதிகப்படுத்தினார்களா, மருத்துவமனையிலா வீட்டிலா, யார் சொல்லிக்கொடுத்தது, நோயாளிகள் உண்மையில் எத்தனை நாள் செய்தார்கள்? ஒன்றும் தெரியாது.

இது அரிய குறை இல்லை. பால் கிளாசியோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 2008-ல் 80 ஆய்வுகளை எடுத்து, அவற்றில் சொன்ன சிகிச்சையை ஒரு மருத்துவர் அப்படியே செய்ய முடியுமா என்று பார்த்தார்கள். 41 ஆய்வுகளில் ஏதோ ஒரு முக்கிய விவரம் இல்லை. அவை மருத்துவர்களுக்கு உபயோகமானவை என்று ஓர் ஆய்விதழே பொறுக்கி எடுத்துச் சிபாரிசு செய்தவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாத்திரை என்றால் பெயர், அளவு, வேளை என்று எழுதிவிடலாம். பயிற்சி, ஆலோசனை, உணவு மாற்றம் போன்றவற்றில்தான் கை தடுமாறுகிறது. சிகிச்சையை எழுதுவதற்கென்றே 2014-ல் டைடியர் என்ற 12 அம்சப் பட்டியல் ஒன்றும் வந்தது. பயிற்சிக் கட்டுரையைச் சரிபார்ப்பவர் கன்சார்ட்டோடு அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

சரி, 1948 கட்டுரையை இதே பட்டியலில் வைத்தால் தேறுமா? சிகிச்சைப் பகுதியில் தேறும்: நாளுக்கு 2 கிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ஊசி, நான்கு மாதம் என்று தெளிவாக இருக்கிறது. எக்ஸ்-ரே படங்களைப் பார்த்தவர்களுக்கு எந்த நோயாளி எந்தக் குழு என்று தெரியாது என்பதும் இருக்கிறது. தோற்கும் இடங்களும் உண்டு. சமவாய்ப்புச் சோதனை என்பது தலைப்பில் இல்லை. எத்தனை பேர் தேவை என்ற முன்கணக்கு இல்லை. இன்றைய பட்டியல் கேட்பவற்றை எழுபத்தைந்து ஆண்டுக்கு முந்தைய கட்டுரையிடம் எதிர்பார்ப்பது கொஞ்சம் அநியாயம்தான். இருந்தாலும் குழு பிரித்த விதத்தில் அது இன்றைய பல கட்டுரைகளை முந்துகிறது.

தொகுப்பாய்வு வரைவுகளில் ஓட்டை விழும் இடங்கள் வேறு. அங்கே நோயாளிகளுக்குப் பதிலாகக் கட்டுரைகளை எண்ணுகிறார்கள். கணக்கு இடிக்கும் விதம் மட்டும் அதே. 1,240 கட்டுரைகள் கிடைத்தன, 310 இரட்டிப்பு, மிச்சம் 930. தலைப்பும் சுருக்கமும் பார்த்து 868-ஐத் தள்ளியாயிற்று. 62-ஐ முழுதாகப் படித்து 17-ஐச் சேர்த்தோம் என்று ஒரு வரைவு சொன்னால், முழுதாகப் படித்தபின் தள்ளிய 45-க்கும் காரணம் வேண்டும். காரணங்களைக் கூட்டினால் 42 வருகிறதா, 45 வருகிறதா? சேர்த்தது 17 என்றால், முடிவுப் படத்தில் ஏன் 15 வரிகளே இருக்கின்றன? சேர்க்கத் தகுதியுள்ளவைபோலத் தோன்றியும் தள்ளிய ஆய்வுகளைப் பெயர் சொல்லி, காரணத்தோடு குறிப்பிடவும் பிரிஸ்மா 2020 கேட்கிறது. தங்களுக்குப் பிடிக்காத முடிவு வந்த ஆய்வை யாராவது சத்தமில்லாமல் கழற்றிவிட்டால் இந்த இடத்தில்தான் தட்டுப்படும்.

பிரிஸ்மாவில் அதிகம் விடுபடும் இன்னொன்று தேடல் வரி. ‘முழங்கால், உடற்பயிற்சி, பிசியோதெரபி ஆகிய சொற்களைக் கொண்டு தேடினோம்’ என்று எழுதினால் போதும் என்றே பலரும் நினைக்கிறார்கள். பட்டியலோ எல்லாத் தரவுத்தளத்துக்கும் முழு வரியையும், வைத்த வடிகட்டிகளையும், கடைசியாகத் தேடிய தேதியையும் கேட்கிறது. அது வெறும் அலுவலகச் சம்பிரதாயம் என்று தோன்றினால் இந்த வரியைப் பார்க்கலாம்:

```
exercise OR physiotherapy AND knee
```

பப்மெட் இதை இடமிருந்து வலமாகப் படிக்கும். முதலில் பயிற்சி அல்லது பிசியோதெரபி என்று எடுத்துக்கொண்டு, அவற்றில் முழங்கால் சம்பந்தப்பட்டவற்றைப் பொறுக்கும். AND-க்கு முதலிடம் தரும் வேறொரு தரவுத்தளமோ முழங்கால் பிசியோதெரபியையும், அதோடு உலகத்தில் உடற்பயிற்சி பற்றி எழுதிய எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும். அடைப்புக்குறி போட்டிருந்தால் சிக்கலே இல்லை:

```
(exercise OR physiotherapy) AND knee
```

ஆசிரியர்கள் எதைத் தட்டினார்கள் என்பது வரியைப் பார்த்தால்தான் தெரியும். வரி இல்லையென்றால் இன்னொருவர் அந்தத் தேடலைத் திரும்பச் செய்து பார்க்க வழியே இல்லை. கடைசித் தேதி இல்லையென்றால், போன வருடம் வந்த பெரிய சோதனை ஏன் தொகுப்பில் இல்லை என்ற கேள்விக்கும் விடை கிடைக்காது.

இவ்வளவுக்கும் பிறகு பட்டியல் எதைக் கண்டுபிடிக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். அது ஆய்வின் தரத்துக்கு மதிப்பெண் போடும் கருவி இல்லை. ‘ஒற்றை எண் பயிற்சி, இரட்டை எண் மாத்திரை’ என்று தெளிவாக எழுதிய கட்டுரை, அந்த அம்சத்தில் முழு விவரம் தந்ததாகவே ஆகும், ஆய்வு மோசமானதுதான். 30-க்கு 28 என்று மதிப்பெண் போட்டு ஒரு கட்டுரையைப் புகழ்வது பட்டியலைத் தப்பாகப் பயன்படுத்துவது. ஆய்வு வகைக்கேற்ற பட்டியலை எடுப்பதும் முதல் வேலை: சோதனை எதுவும் செய்யாமல் நோயாளிகளைக் கவனித்து மட்டும் எழுதிய ஆய்வுக்குக் கன்சார்ட்டை நீட்டினால், பாதிக் கட்டங்கள் ‘பொருந்தாது’ என்றே நிரம்பும். அதற்கு ஸ்ட்ரோப் என்ற தனிப் பட்டியல் இருக்கிறது.

பட்டியலை ஆதரிக்கிறோம் என்று ஆய்விதழ்கள் அறிவிப்பதால் மட்டும் பெரிய மாற்றம் வந்துவிடவில்லை. 2012-ல் வந்த ஒரு காக்ரேன் தொகுப்பாய்வு, ஆதரிக்கும் இதழ்களையும் ஆதரிக்காதவற்றையும் 27 அளவுகோல்களில் ஒப்பிட்டது. 25-ல் ஆதரித்த இதழ்கள் முன்னே இருந்தன. ஆனால் புள்ளியியல் ரீதியாக உறுதியாகச் சொல்ல முடிந்தது ஐந்தில்தான். மதிப்பாய்வாளர்களுக்கு முக்கியமான அம்சங்களை மின்னஞ்சலில் நினைவூட்டினால் கட்டுரைகள் மேம்படுமா என்பதையே சமவாய்ப்புச் சோதனையாக நடத்தி 2023-ல் வெளியிட்டார்கள். மேம்படவில்லை. நினைவூட்டலைப் படிப்பது ஒரு வேலை. வாக்கியத்தைத் தேடி எடுத்து ஒட்டுவது வேறு வேலை.

இன்னொரு பெரிய குருட்டுப்புள்ளி, கட்டுரைக்குள் மட்டும் தேடினால் தெரியாத விடுபடல். எந்த அளவை வைத்து வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும் என்கிறது கன்சார்ட். நம் வரைவிலும் ‘முதன்மை அளவு: 12-ஆம் வாரத்தில் வலி’ என்று ஒரு வரி இருக்கலாம், அதை எடுத்து ஒட்டிவிட்டால் கட்டம் நிரம்பிவிடும். ஆனால் பதிவேட்டைத் திறந்து பார்த்தால்தான் விஷயம் தெரியும். இந்தியாவில் சி.டி.ஆர்.ஐ. என்ற மருத்துவச் சோதனைப் பதிவேடு 2007 முதல் இயங்குகிறது. பதிவு எண்ணைக் கொடுத்தால், சோதனை தொடங்கும் முன் எதை அளப்பதாகச் சொன்னார்கள் என்று யாரும் பார்க்கலாம். அங்கே ‘ஆறாம் மாதத்தில் நடக்கும் தூரம்’ என்று இருந்தால்? நடக்கும் தூரத்தில் பலன் தெரியவில்லை, வலியில் தெரிந்தது, அது முதன்மை ஆகிவிட்டது. மாற்றியதில் நியாயம் இருக்கலாம். ஆனால் மாற்றினோம், எப்போது, ஏன் என்று எழுத வேண்டும் என்பதும் பட்டியலில் உள்ள ஓர் அம்சம்தான்.

இந்த மாற்றல் எவ்வளவு சகஜம் என்பதை பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர் பென் கோல்டேக்கரின் குழு சோதித்தது. 2015 அக்டோபர் முதல் 2016 ஜனவரி வரை, உலகின் முன்னணி மருத்துவ இதழ்கள் ஐந்தில் வந்த 67 சோதனைகளை எடுத்து, முன்பே அறிவித்த அளவுகளோடு கட்டுரையில் வந்த அளவுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். ஒன்பது கட்டுரைகள்தான் பிசகில்லாமல் இருந்தன. மற்றவற்றில் அறிவித்த அளவுகளில் 354 கட்டுரையில் வரவே இல்லை. அறிவிக்காத 357 அளவுகள் எந்த விளக்கமும் இல்லாமல் உள்ளே நுழைந்திருந்தன. ஐந்துமே கன்சார்ட்டை ஆதரிப்பதாகச் சொன்ன இதழ்கள். பிசகு இருந்த 58 கட்டுரைகளைப் பற்றியும் அந்தந்த இதழுக்குத் திருத்தக் கடிதம் எழுதினார்கள். இதழ்கள் வெளியிட்டது 23 கடிதங்களை.